47 விநாடியில் இருந்து 28-க்கு: ஒரு அறிமுக வீடியோ உருவான கதை

என் அக்கா மகள் ஒரு நாள் காலையில், வேலை தேடுவதற்காக எடுத்த ஒரு அறிமுக வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். கூடவே ஒரு வரி: "மாமா, 30 செகண்ட் வரணுமாம், 47 வருது. எதை வெட்டலாம்?"

கோவையில் வானொலி விளம்பரங்களுக்கு வசனம் எழுதுவது என் பிழைப்பு. 30 விநாடி என்பது எங்கள் தொழிலில் துணிக்கடைக்காரருக்கு மீட்டர் மாதிரி. அதனால் வெட்டுவது சுலபம் என்று நினைத்துத்தான் வீடியோவைத் திறந்தேன். இரண்டு தடவை பார்த்த பிறகு, இது வெட்டுகிற வேலை இல்லை, திரும்ப எழுதுகிற வேலை என்று தெரிந்தது. அதற்கு ஒன்பது நாள் ஆனது. என்ன செய்தோம், எங்கே தடுக்கினோம் என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். பெயர்களை மட்டும் விட்டுவிடுகிறேன்.

ஆள் யார், என்ன தேவை

பி.காம் முடித்தவள். திருப்பூரில் ஒரு நடுத்தர பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இரண்டு வருடம் நாலு மாதம் வேலை பார்த்தாள். அக்காவுக்கு மூட்டு ஆபரேஷன் ஆனதால் வேலையை விட்டு ஏழு மாதம் வீட்டில் இருந்தாள். இப்போது கோவையில் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலை தேடுகிறாள். லிங்க்ட்இன்னில் ஒரு பக்கம் தொடங்கியிருக்கிறாள். படமும் படிப்பும் மட்டும் இருக்கும் வெறும் பக்கம். அதில் மேலே வைக்கவும், வேலை கேட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ரெஸ்யூமோடு சேர்க்கவும் ஒரு வீடியோ வேண்டும்.

எந்த மொழியில் என்பதை முதலிலேயே பேசி முடித்தோம். ஐ.டி. கம்பெனிக்கு என்றால் ஆங்கிலம்தான். இவள் போகப்போவது ஆடிட்டர் அலுவலகத்துக்கோ, சின்ன உற்பத்திக் கம்பெனிக்கோ. அங்கே வீடியோவைப் பார்ப்பவர் முதலாளி, இல்லாவிட்டால் அவருடைய சீனியர் அக்கவுண்டன்ட். நாள் முழுக்கத் தமிழில் வேலை வாங்குகிறவர்கள். அதனால் தமிழ். நடுவில் வரும் தொழில் சொற்கள், அவர்கள் வாயில் எப்படி வருமோ அப்படியே.

முதல் வடிவம்

அவள் பேசியதை அப்படியே எழுத்தில் இறக்கினேன்:

> அனைவருக்கும் வணக்கம். எனது பெயர் ____. நான் திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்தவள். நான் 2022ஆம் ஆண்டு பி.காம் பட்டப்படிப்பை முதல் வகுப்பில் தேர்ச்சி பெற்று முடித்துள்ளேன். அதனைத் தொடர்ந்து திருப்பூரில் உள்ள ஒரு பிரபல பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் கணக்கு உதவியாளராகப் பணிபுரிந்து பரந்த அனுபவம் பெற்றுள்ளேன். எனக்கு டேலி பிரைம், எம்எஸ் எக்செல், ஜிஎஸ்டி, டிடிஎஸ் ஆகியவற்றில் நல்ல தேர்ச்சி உண்டு. நான் கடின உழைப்பாளி, நேர்மையானவள், குழுவாக இணைந்து பணியாற்றும் திறன் கொண்டவள். எனக்கு ஒரு வாய்ப்பு வழங்கினால் தங்கள் நிறுவனத்தின் வளர்ச்சிக்கு என்னால் இயன்ற பங்களிப்பை அளிப்பேன். நன்றி.

68 சொல், 47 விநாடி. சொற்களை எண்ணுவது எங்கள் தொழில் பழக்கம். நிதானமாகப் பேசினால் 30 விநாடியில் தமிழில் 45 முதல் 55 சொல் போகும். ஆங்கிலத்தில் 70, 75 வரை போகலாம் என்பார்கள். அந்தக் கணக்கைத் தமிழுக்குப் போட்டால் மாட்டிக்கொள்வோம். நம் சொற்களில் வேற்றுமை உருபும் காலமும் இடமும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. "நிறுவனத்தின்" என்று ஒரே சொல்லாக எண்ணினாலும் வாய்க்கு அது ஐந்து அசைவு. ஆண்டு அதைவிட மோசம். திரையில் 2022 என்று நாலு இலக்கம்தான். வாயில் "இரண்டாயிரத்து இருபத்து இரண்டாம் ஆண்டு" என்று வரும்போது இரண்டரை விநாடிக்கு மேல் போய்விடுகிறது. ரெஸ்யூமில் எப்படியும் இருக்கப்போகும் ஒரு தகவலுக்கு மொத்த நேரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு.

ஆனால் நீளம் இதில் சின்னக் கோளாறுதான். "அதனைத் தொடர்ந்து" என்று தொடங்கும் வாக்கியத்தைப் பாருங்கள். பதினேழு சொல், ஏறக்குறைய 12 விநாடி, அந்தப் பெண் என்ன செய்தாள் என்பது கடைசிச் சொல்லில்தான் வருகிறது. தமிழில் வினை கடைசியில் வரும், அது மொழியின் இயல்பு. படிக்கும்போது கண் முன்னே ஓடிப்போய் வினையைப் பிடித்துக்கொள்ளும். கேட்கும்போது அது முடியாது, காத்திருக்க வேண்டும். கட்டைவிரலைத் திரையில் வைத்துக்கொண்டு பார்ப்பவர் 12 விநாடி காத்திருக்க மாட்டார். காத்திருந்தாலும் கிடைப்பது "பெற்றுள்ளேன்". செய்தது என்ன என்பது அதிலும் இல்லை.

இன்னொன்று, அவள் குரல். வீட்டில் "ஏனுங்க மாமா" என்று கொங்குத் தமிழில் கலகலவென்று பேசுகிறவள். வீடியோவில் "பணிபுரிந்து", "இயன்ற" என்று வந்ததும் முகம் இறுகி, பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி வாசிப்பதுபோல் ஆகிவிட்டாள். பேச்சில் ஒருபோதும் சொல்லாத சொல்லைக் கேமரா முன்னால் யாராலும் இயல்பாகச் சொல்ல முடியாது. முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு சோதனை

காந்திபுரத்தில் ஆடிட்டர் அலுவலகம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். வருடத்துக்கு மூன்று நான்கு பேரை வேலைக்கு எடுப்பவர். அவரிடம் வீடியோவைக் காட்டினேன். நல்லா இருக்கா என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் எல்லாரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். "இந்தப் பொண்ணு எதிர்ல உக்காந்திருந்தா முதல்ல என்ன கேட்பீங்க?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். "என்ன வேலை பார்த்துச்சுன்னு கேட்பேன்."

47 விநாடி முழுக்க அதைத்தானே சொல்லியிருந்தாள்! அப்புறம் அவரே இன்னொன்றும் சேர்த்தார்: "பிரபல நிறுவனம்னா எது?" பெயர் சொல்லக்கூடாது என்று நினைத்தால் "பிரபல" என்ற சொல்லையும் போடக்கூடாது. அது கேள்வியைத் தவறான பக்கம் இழுத்துவிடுகிறது.

அந்த இடத்தில்தான் இந்த வீடியோவுக்கு என்ன வேலை என்று எனக்கே தெளிந்தது. 30 விநாடியில் ஒருவரின் தகுதியை நிரூபிக்க முடியாது. ஆனால் நேர்காணலின் முதல் கேள்வி என்னவாக இருக்க வேண்டும் என்பதை அதற்குள் தீர்மானிக்கலாம். அவளுக்கு நன்றாகப் பதில் தெரிந்த ஒரு கேள்வியை எதிராளி வாயிலிருந்து வரவழைக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு வரியையும் இந்த ஒரே அளவுகோலால்தான் பார்த்தோம்.

என்ன செய்தாள் என்று தோண்டியது

"நீ என்ன வேலை பார்த்தே?" என்று கேட்டேன். "டேலி என்ட்ரி, ஜிஎஸ்டி ரிட்டர்ன்" என்றாள். அது வேலையின் பெயர். "ஒரு மாசத்தை முதல் தேதியிலிருந்து சொல்லு" என்றேன். இப்படிக் கேட்டது பலித்தது.

மாதத்துக்கு 300 பில்லுக்குக் குறையாமல் வருமாம். நூல் வாங்கியது, நிட்டிங் கூலி, டையிங் கூலி, பிரின்டிங், அட்டைப்பெட்டி. எல்லாவற்றையும் டேலியில் ஏற்றுவாள். 14ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் 2பி வரும். சப்ளையர்கள் தங்கள் ரிட்டர்னில் காட்டிய பில்களின் பட்டியல் அது. தன்னிடம் உள்ள பில்லும் அதுவும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, 20ஆம் தேதிக்குள் 3பி என்ற மாத ரிட்டர்னைப் போட வேண்டும். 2022 ஜனவரியிலிருந்து, 2பி-யில் வராத பில்லுக்கு அந்த மாதம் இன்புட் எடுக்க முடியாது, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது. சப்ளையருக்குக் கொடுத்த வரி, அவர் காட்டும்வரை, கம்பெனியின் கையை விட்டுப் போன பணம்தான்.

"அப்போ 14ஆம் தேதிக்கு அப்புறம் விட்டவங்களுக்கு போன் பண்ணுவே?"

"அப்ப பண்ணி என்னங்க மாமா பிரயோஜனம்? அவங்க 11ஆம் தேதிக்குள்ள அவங்க ரிட்டர்னைப் போட்டாத்தான் இந்த மாசம் 2பி-ல வரும். யார் யார் எப்பவும் லேட் பண்றாங்கன்னு ஒரு லிஸ்ட் வெச்சிருந்தேன். எட்டாம் தேதியே அவங்களுக்கு போன் போட்டுருவேன். என் வேலையில பாதி போன்லதான்."

நான் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தேன். இரண்டு வருடம் வேலை பார்த்தவளுக்கும் டேலி கோர்ஸ் முடித்தவளுக்கும் உள்ள வித்தியாசம் அந்த எட்டாம் தேதியில் இருக்கிறது. அதை ஏன் வீடியோவில் சொல்லவில்லை என்று கேட்டேன். "அதெல்லாம் ஒரு விஷயமா மாமா?" என்றாள். பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. தினமும் செய்கிற வேலை செய்கிறவருக்குக் கண்ணில் படுவதில்லை. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து தேதி தேதியாகக் கேட்டால்தான் வெளியே வரும்.

எழுதியதும் அடித்ததும்

இரண்டாவது வடிவத்தில் ஆர்வக்கோளாறில் நான் ஒரு வரி சேர்த்திருந்தேன்: "என் கையில ஒரு பில்லுக்குக்கூட இன்புட் விட்டுப்போனதில்லை." விளம்பரக்காரன் புத்தி. அவள் படித்துவிட்டு நெளிந்தாள். "விட்டிருக்குங்க மாமா. ரெண்டு டையிங்காரங்க எத்தனை தடவை சொன்னாலும் நேரத்துக்குப் போட மாட்டாங்க." அந்த வரியை அடித்தேன். நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே உடைந்துபோகும் பெருமை எதற்கு? மேலும், செய்ததை மட்டும் சொல்லி நிறுத்தினால், பலன் என்னவென்று கேட்பவர் தானே ஊகித்துக்கொள்வார். ஊகித்தவர் கேள்வியும் கேட்பார்.

அனுபவம் எவ்வளவு என்பதில் சின்னத் தகராறு. அவள் "மூணு வருஷம்" என்று எழுதியிருந்தாள். இரண்டு வருடம் நாலு மாதத்தை மூன்றாக்கினால், ரெஸ்யூமில் உள்ள தேதிகளே பொய் சொன்னதாகக் காட்டும். ரெண்டரை என்றாலும் மேல்பக்கம்தான் உருள்கிறது. "ரெண்டேகால்" என்று முடிவானது. உண்மையைவிட ஒரு மாதம் குறைவு, ஆனால் யாரும் விரல் நீட்ட முடியாது. தவிர, ரெண்டேகால் என்பதில் எண்ணிப் பார்த்துச் சொன்ன தொனி இருக்கிறது. கணக்கு வேலைக்கு அது பொருத்தம்.

ஏழு மாத இடைவெளியைச் சொல்ல வேண்டுமா என்பதுதான் நீண்ட பேச்சு. மறைத்த மாதிரி ஆகிவிடும் என்று அக்கா பயந்தாள். சேர்த்து எழுதியும் பார்த்தோம்: "அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனதால ஏழு மாசம் பிரேக்." ஐந்து விநாடி. ஆடிட்டர் நண்பரிடம் அந்த வடிவத்தை வாசித்துக் காட்டி அதே கேள்வியைக் கேட்டேன். "அம்மா இப்போ எப்படி இருக்காங்க?" என்றார். நல்ல மனிதர், ஆனால் நமக்கு வேண்டிய கேள்வி அது இல்லை. இடைவெளி ரெஸ்யூமில் தேதியோடு இருக்கிறது, நேரில் கேட்டால் சொல்லப்போகிறாள். வீடியோவில் இருந்து எடுத்துவிட்டோம். இது எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். மூன்று நான்கு வருட இடைவெளி என்றால், அதைத் தொடாத வீடியோ பார்ப்பவரை வேறு மாதிரி யோசிக்க வைக்கலாம்.

"கடின உழைப்பாளி, நேர்மையானவள்" போனது. யாரும் தன்னைச் சோம்பேறி என்று அறிமுகம் செய்துகொள்வதில்லையே. டிடிஎஸ் போனது, ஏனென்றால் அதில் அவள் செய்தது மிகக் கொஞ்சம். கடைசி வரியில் இருந்த போன் நம்பரும் போனது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஐந்தாவது வடிவம் நின்றது:

> வணக்கம். நான் ____, அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட்.
> திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில பர்ச்சேஸ் கணக்கு பார்த்தேன், ரெண்டேகால் வருஷம்.
> மாசம் முந்நூறு பில் வரும்.
> ரிட்டர்ன் லேட்டா போடுற சப்ளையர் யார் யார்னு லிஸ்ட் வெச்சிருப்பேன்.
> அவங்களுக்கு எட்டாம் தேதியே போன் பண்ணிடுவேன்.
> அப்பத்தான் நம்ம பில் 2பி-ல வரும்.
> டேலி, எக்செல் ரெண்டும் தினமும் பண்ணினது.
> இப்போ கோயம்புத்தூர்ல வேலை தேடுறேன். உடனே சேர முடியும்.
> மெயில் ஐடி கீழ இருக்கு.

52 சொல், 28 விநாடி. மிச்சம் இரண்டு விநாடியை வேண்டுமென்றே விட்டேன். தொடங்கும் முன் அரை விநாடி, முடிந்த பிறகு ஒன்றரை விநாடி முகம் அமைதியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கதவை அறைந்து சாத்தியது மாதிரி முடியும்.

இரண்டாவது வரியில் "ரெண்டேகால் வருஷம்" என்பது "பார்த்தேன்" என்பதற்குப் பின்னால் நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். எழுத்தில் அதை முன்னால் தள்ளத் தோன்றும். பேச்சில் நாம் வினையை முதலில் போட்டுவிட்டு, மிச்சத்தைப் பின்னால் ஒட்டுவது சகஜம். கேட்பவருக்கு வேலை என்ன என்பது சீக்கிரம் கிடைத்துவிடுகிறது. எந்த வாக்கியமும் ஒன்பது சொல்லைத் தாண்டவில்லை, எல்லாவற்றிலும் வினைக்காகக் காத்திருக்கும் நேரம் குறைவு.

"நம்ம பில்" என்பது அவள் வாயில் தானாக வந்தது. நான் "கம்பெனி பில்" என்றுதான் எழுதியிருந்தேன். ஒத்திகையில் மாற்றிச் சொன்னாள், அப்படியே விட்டேன். பழைய கம்பெனியை இன்னும் "நம்ம" என்கிறவளை எந்த முதலாளிக்குப் பிடிக்காது?

படம் பிடித்த நாள்

அக்கா வீடு பல்லடம் பக்கம். மூன்று வீடு தள்ளித் தறிக்கூடம். காலை ஆறு மணியிலிருந்து சடக் சடக் என்று ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே இருப்பவர்கள் காதுக்கு அது விழுவதே இல்லை. போன் மைக்குக்கு விழும். முதல் வீடியோவில் அவள் குரலுக்கு அடியில் தறி ஓடியதை நான் சொன்ன பிறகுதான் கேட்டாள். கதவைச் சாத்தி, ஜன்னலில் போர்வை போட்டுப் பார்த்தோம். சத்தம் கொஞ்சம் குறைந்தது, வெளிச்சம் முழுசாகப் போயிற்று.

கடைசியில் அக்காதான் வழி சொன்னாள். "வியாழக்கிழமை மாசாந்திர கரண்ட் கட். தறி ஓடாது." அன்று காலை பத்து மணிக்கு ஊரே நிசப்தம். மின்விசிறியும் இல்லை, ஃபிரிட்ஜ் உறுமலும் இல்லை. ஜன்னலைப் பார்த்து அவளை உட்கார வைத்தோம், வெளிச்சம் நேராக முகத்தில் விழுந்தது. முதல் வீடியோவில் ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் முகம் கறுத்துப்போயிருந்தது. போனை இரண்டு அரிசி டப்பாவின் மேல், கண் மட்டத்துக்கு வைத்தேன்.

பின்னணியில் லேப்டாப்பில் டேலியைத் திறந்து வைக்கலாம் என்று அவளுக்கு ஆசை. அதில் இருந்தது பழைய கம்பெனியின் சப்ளையர் பட்டியல். வேண்டாம் என்றேன். பில்லிலோ லெட்ஜரிலோ தெரியும் ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலத்தின் குறி, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அந்த சப்ளையரின் பான் எண்ணேதான். படத்தை நிறுத்திப் பெரிதாக்கினால் படிக்கலாம். பார்க்கும் முதலாளிக்கோ அதைவிடச் சுருக்கமாக ஒன்று தோன்றும்: நாளைக்கு நம் கணக்கையும் இப்படித்தான் காட்டும். வெறும் சுவரே போதும் என்றானது.

மனப்பாடம் செய்துவிட்டு வந்திருந்தாள். முதல் நாலு டேக் அந்த மனப்பாட ஓசையோடேயே போயின. ஒவ்வொரு வரியும் ஒரே மெட்டில் ஏறி ஒரே மெட்டில் இறங்கியது. தாளை லென்ஸுக்குப் பக்கத்தில் ஒட்டிப் படிக்க வைத்தால் விழி இடமும் வலமும் ஓடுவது தெரிகிறது. வானொலியில் இந்தத் தொல்லை இல்லை, நான் கொஞ்சம் திணறித்தான் போனேன். ஒவ்வொரு வரியின் முதல் சொல்லை மட்டும், திருப்பூர், மாசம், ரிட்டர்ன், அவங்களுக்கு என்று ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி லென்ஸுக்கு நேர் கீழே வைத்தேன். நான் போனுக்குப் பின்னால் உட்கார்ந்து, "என்ன வேலை பார்த்தே?" என்று சத்தமில்லாமல் வாயசைத்தேன். எனக்குச் சொல்வதுபோல் சொன்னாள். மொத்தம் பதினொரு டேக், எடுத்தது ஏழாவது. எட்டாவதில் சொல் சுத்தமாக இருந்தது. ஏழாவதில் "எட்டாம் தேதியே" என்னும்போது ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. சிரிப்பை எடுத்துக்கொண்டோம்.

எழுத்து ஓட்டம்

நிறைய பேர் சத்தத்தை அடைத்துவிட்டுத்தான் வீடியோ பார்க்கிறார்கள். லிங்க்ட்இன்னில் வீடியோ ஊமையாகவே ஓடத் தொடங்கும். அதனால் திரையில் எழுத்து ஓட வேண்டும். லிங்க்ட்இன்னுக்கு எழுத்தைத் தனிக் கோப்பாக ஏற்றலாம். அது வெறும் எழுத்துக் கோப்புதான்:

```
1
00:00:00,500 --> 00:00:03,300
வணக்கம். நான் ____,
அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட்.

2
00:00:03,300 --> 00:00:08,200
திருப்பூர்ல பர்ச்சேஸ் கணக்கு பார்த்தேன்,
ரெண்டேகால் வருஷம்.
```

வாட்ஸ்அப்பில் இந்தக் கோப்பு கூடவே போகாது. அங்கே எழுத்தைப் படத்தோடு சேர்த்தே பதிய வேண்டும். இங்கேதான் தமிழுக்கு என்றே ஒரு சிக்கல். போனில் அவள் வைத்திருந்த இலவச எடிட்டிங் செயலியில் "கோயம்புத்தூர்" என்று போட்டால் கொம்பும் காலும் தனித்தனியாகக் கழன்று நின்றன. "டேலி"யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. தட்டச்சு செய்யும் பெட்டியில் சரியாகத் தெரிந்தது, வீடியோவாகச் சேமித்த பிறகுதான் உடைந்தது. ஆகவே சேமித்த கோப்பைத்தான் சரிபார்க்க வேண்டும். கொம்பு உள்ள நாலைந்து சொற்களைத் தேடிப் பார்த்தாலே போதும், அவை உடையாவிட்டால் மற்றவை பெரும்பாலும் உடையாது. வேறொரு செயலியில் சரியாக வந்தது. நீளமான வரியும் ஆகாது. தமிழ் எழுத்து அகலம் அதிகம், செங்குத்துப் படத்தில் ஒரு வரிக்கு நாலைந்து சொல்லுக்கு மேல் போட்டால் எறும்பு ஊர்வது போலாகிவிடும். மேலே இரண்டாவது துண்டில் "ஒரு பனியன் கம்பெனியில" என்பதை விட்டது அதனால்தான்.

போன் நம்பருக்கு வருகிறேன். முதலில் "நம்பர் கீழ இருக்கு" என்றுதான் இருந்தது. வாட்ஸ்அப்பில் போகும் வீடியோ யார் கைக்கெல்லாம் போகும் என்று சொல்ல முடியாது. 24 வயதுப் பெண்ணின் முகமும் பெயரும் நம்பரும் ஒரே படத்தில் என்றால் அக்காவுக்குத் தூக்கம் வராது, எனக்கும்தான். வேலை தேடுவதற்கென்று ஒரு புது மெயில் ஐடி தொடங்கி அதை மட்டும் திரையில் போட்டோம். நம்பர் ரெஸ்யூமில் இருக்கிறது. ரெஸ்யூம் யாருக்குப் போகிறது என்பது அவளுக்குத் தெரியும்.

அப்புறம் நடந்தது

நேராக வாட்ஸ்அப்பில் ஒன்பது இடங்களுக்கு அனுப்பினாள். நாலு பேர் பேசினார்கள். அதில் ஒருவர் சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறாள் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். இன்னொருவர் வீடியோவைத் திறக்கவே இல்லை, ரெஸ்யூமைப் பார்த்துத்தான் கூப்பிட்டாராம். வேலைவாய்ப்புத் தளங்கள் வழியாகப் போட்ட விண்ணப்பங்களில் வீடியோவுக்கு இடமே இருக்கவில்லை. அங்கே படிப்பும் அனுபவமும் எழுத்தில் எப்படி இருக்கிறதோ அதுதான் கணக்கு. லிங்க்ட்இன் பக்கத்தில் வைத்த வீடியோவைப் பார்த்து இதுவரை வேலைக்காக யாரும் தொடர்பு கொள்ளவில்லை. கூடப் படித்த இரண்டு பேர் நல்லா இருக்கு என்று எழுதியிருந்தார்கள்.

நேர்காணல் இரண்டு. முதலாவதில் வீடியோ பற்றிப் பேச்சே வரவில்லை, ஒரு டேலி தேர்வு வைத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது, பீளமேட்டில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனி. சீனியர் அக்கவுண்டன்ட் ஐம்பது வயதுக்காரர். ரெஸ்யூமை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாராம்:

"ஏம்மா, பதினொண்ணாம் தேதி வரைக்கும் டைம் இருக்கே. நீ எதுக்கு எட்டாம் தேதியே போன் பண்றே?"

"பதினொண்ணாம் தேதி பண்ணினா, அவங்க ஆடிட்டர் போனே எடுக்க மாட்டாருங்க சார்."

அவர் சிரித்துவிட்டு, தன் மேஜையில் இருந்த லேட் சப்ளையர் லிஸ்ட்டை எடுத்து அவள் பக்கம் தள்ளினாராம். அடுத்த திங்கட்கிழமை சேரச் சொல்லிவிட்டார்கள்.